வெப்சைட் திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போகிறது: கிளையண்டுக்கு என்ன எழுதி அனுப்புவது?

வெள்ளியணைக்காரன் | 6 மார்ச் 2025, இரவு 9:40

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பக் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். தனியாள் வேலைதான். திங்கள் 10ஆம் தேதி திறப்பதாகப் பேச்சு. சைட் தயார். ஆனால் டொமைனும் பழைய ஹோஸ்டிங்கும் முன்பு வேலை பார்த்த டெவலப்பரின் கணக்கில் இருக்கின்றன. அவர் வெளியூரில் இருக்கிறார், 12 புதன்தான் திரும்புகிறார். அதனால் 17ஆம் தேதிக்குத் தள்ள வேண்டும். திருத்திய அட்டவணையோடு ஒரு கவர் மெயில் அனுப்பப் போகிறேன். எழுதி வைத்திருப்பது இது:

"வணக்கம் சார். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதிர்பாராத சில தொழில்நுட்பக் காரணங்களால் வெப்சைட் வெளியீடு சற்றுத் தாமதமாகிறது. பழைய டெவலப்பரிடமிருந்து ஒத்துழைப்புத் தேவைப்படுகிறது. டிஎன்எஸ் மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும். சிரமத்துக்கு மன்னிக்கவும். விரைவில் முடித்துத் தருகிறேன்."

அனுப்பலாமா?

நொய்யல்கரை | 6 மார்ச், இரவு 10:15

அனுப்ப வேண்டாம். தேதியே இல்லை தம்பி. "சற்று", "விரைவில்" இரண்டையும் படித்ததும் அவர் உடனே உங்களுக்குப் போன் செய்து "எப்போ?" என்றுதான் கேட்பார். அப்போது வாயால் ஒரு தேதி சொல்வீர்கள், அது எழுத்தில் இருக்காது.

இன்னொன்று. அவர் ஏற்றுமதிக்காரர். 10ஆம் தேதி புது சைட் வருகிறது என்று வெளிநாட்டு பையர்களுக்கு ஏற்கெனவே மெயில் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் அவருடைய கவலை உங்கள் டிஎன்எஸ் இல்லை, அந்த பையர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். முதலில் அதை விசாரியுங்கள்.

ஆல்பம்செல்வம் | 6 மார்ச், இரவு 10:50

நான் கல்யாண போட்டோ எடுக்கிறவன், வெப்சைட் பத்தித் தெரியாது. ஆனா தாமதம் பத்தி நல்லாவே தெரியும். ஒரு தடவை ஆல்பம் லேட்டாச்சு, பிரிண்டிங் லேப்தான் காரணம்னு மெசேஜ் போட்டேன். பொண்ணோட அப்பா நேரா லேபுக்கே போன் போட்டுட்டார். லேப்காரன் அவன் பக்கத்துக் கதையைச் சொல்ல, நடுவுல நான் பொய்யன் மாதிரி ஆயிட்டேன். மூணாம் ஆளை இழுக்காதீங்க. முதல்ல போன் பண்ணிச் சொல்லுங்க, அப்புறம் எழுதுங்க.

பிக்சல்ராணி | 7 மார்ச், காலை 8:05

எதுக்கு ஒரு வாரம்? டொமைன் லாகின் மட்டும் வாங்கி நேம்சர்வரை உங்க ஹோஸ்டிங்குக்கு மாத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை, அதை போன்லயே அவர்கிட்ட சொல்லிச் செய்ய வைக்கலாம். 48 மணி நேரம்கறதும் சரிதான், அதனால இன்னைக்கு மாத்தினாலே திங்கள் வந்துடும். மெயிலே எழுத வேண்டாம்.

நொய்யல்கரை | 7 மார்ச், காலை 9:20

ராணி, நேம்சர்வரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்பது சரி. ஆனால் நேம்சர்வரோடு டிஎன்எஸ்ஸில் உள்ள எல்லாமே புது இடத்துக்குப் போகிறது. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் MX ரெக்கார்டும் அதில்தான் இருக்கிறது. புது இடத்தில் அதை எழுதி வைக்காவிட்டால் கம்பெனிக்கு மெயில் நிற்கும். ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர், எல்சி, சாம்பிள் அப்ரூவல் எல்லாமே மெயிலில்தான் ஓடுகிறது.

வெள்ளியணைக்காரரே, தேதி எழுதுவதற்கு முன் இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். டொமைன் பெயரை மறைத்துவிட்டு விடையை இங்கே போடுங்கள்.

```
dig +short MX example.com
dig +short mail.example.com
dig example.com A
```

வெள்ளியணைக்காரன் | 7 மார்ச், காலை 10:30

விசாரித்தேன் அண்ணா. பையர்களுக்கு மெயில் போயிருக்கிறது. "மார்ச் 10 முதல் புது கேட்டலாக் எங்கள் சைட்டில்" என்று அவர் மகன் அனுப்பியிருக்கிறார்.

dig விடை இது. ஐபியை மாற்றியிருக்கிறேன்.

```
0 example.com.

example.com.
203.0.113.10

example.com.  14400  IN  A  203.0.113.10
```

நொய்யல்கரை | 7 மார்ச், காலை 11:10

நான் பயந்தது இதேதான். பழைய சிபேனல் ஹோஸ்டிங்கில் யாரும் கை வைக்காமல் விட்டால் ரெக்கார்டுகள் இப்படித்தான் இருக்கும்.

MX என்ன சொல்கிறது? மெயிலை example.com-க்கே கொண்டு போ என்கிறது. அந்தப் பெயர் எந்த ஐபி? பழைய சர்வர். இப்போது சைட்டுக்காக, அந்தப் பெயர் எந்த ஐபி என்று சொல்லும் A ரெக்கார்டைப் புது சர்வருக்குத் திருப்பினால் மெயிலும் பின்னாலேயே புது சர்வருக்குப் போகும். அங்கே மெயில்பாக்ஸ் கிடையாது. அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல் இருக்கிற மாதிரி: வாசலைப் பெயர்த்து வைத்தால் கடைக்கு வருகிறவரும் வீட்டுக்கு வருகிறவரும் சேர்ந்தே திரும்பிவிடுவார்கள்.

நேம்சர்வரை விட்டுவிடுவோம், A ரெக்கார்டை மட்டும் மாற்றுவோம், மெயில் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். MX-இல் வேறு பெயர் இருந்தால்தான் அது சரி. இங்கே `mail` என்ற பெயர்கூட தனி இல்லை. இரண்டாவது விடையில் ஐபிக்கு முன்னால் example.com என்று வருகிறது பாருங்கள், அது CNAME. தாய்ப்பெயர் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் `mail`-ஐ CNAME-இலிருந்து எடுத்து, பழைய ஐபியைக் காட்டும் A ரெக்கார்டாக ஆக்குங்கள். பிறகு MX-ஐ அந்தப் பெயருக்குத் திருப்புங்கள். மெயில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சைட்டின் A ரெக்கார்டைத் தொட வேண்டும்.

```
mail.example.com.  A   203.0.113.10
example.com.       MX  0 mail.example.com.
; கடைசியில் மட்டும்:
example.com.       A   198.51.100.20
```

உங்கள் தாமதத்துக்கு உண்மையான காரணம் இப்போது கிடைத்துவிட்டது. பழைய டெவலப்பர் ஊரில் இல்லை என்பது பாதிதான். அவர் இன்று ஊரில் இருந்திருந்தாலும் திங்கள் காலை சைட்டைத் திருப்பியிருந்தால் மெயில் அறுந்திருக்கும்.

நொய்யல்கரை | 7 மார்ச், காலை 11:25

அந்த 48 மணி நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் அது வரக் கூடாது. மூன்றாவது விடையில் 14400 என்று இருப்பது TTL, நொடிக்கணக்கு, அதாவது நான்கு மணி நேரம். ஒருமுறை கேட்டு வாங்கிய விடையை மற்ற சர்வர்கள் அவ்வளவு நேரம்தான் வைத்திருக்கும். அதை முன்னாலேயே 300 ஆக்கி, பழைய நான்கு மணி நேரம் கழியும்வரை பொறுத்தால், அதன் பிறகு செய்யும் மாற்றம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தெரியும். 48 என்பது நேம்சர்வரையே மாற்றும்போது பாதுகாப்புக்காகச் சொல்லும் கணக்கு. நாம் நேம்சர்வரைத் தொடவில்லை.

தண்டவாளம் | 7 மார்ச், மதியம் 1:00

அப்படியென்றால் புதன் மாலை mail, MX மாற்றி, வியாழன் பார்த்து, வெள்ளி காலையில் திறந்துவிடலாமே. எதற்கு 17 வரை?

நொய்யல்கரை | 7 மார்ச், மதியம் 1:40

கணக்குப்படி முடியும். ஆனால் ஆபீஸில் ஒவ்வொரு கணினியிலும் அவுட்லுக் எந்தப் பெயரோடு இணைகிறது என்று தெரியாது. சர்வர் என்ற இடத்தில் வெறும் example.com என்று போட்டிருந்தால், சைட்டைத் திருப்பிய அன்று அந்த இயந்திரத்தில் மெயில் வராது, போகாது. example.com/webmail என்று தட்டிப் பார்க்கிறவர்களுக்கும் அதே கதி. இவற்றை முன்னாலேயே `mail.example.com`-க்கு மாற்றி வைக்க வேண்டும். அது ஒரு நாள் வேலை.

அதோடு ஐரோப்பிய பையர் மதியம் எழுதும் மெயில் நமக்கு மாலையும் இரவுமாக வருகிறது. வெள்ளியன்று மாற்றி ஏதாவது அறுந்தால் ஞாயிறு விடுமுறை கழிந்து திங்களன்றுதான் யாராவது "இரண்டு நாளாக மெயிலே இல்லையே" என்று கேட்பார்கள். திங்கள் காலை மாற்றினால் ஆபீஸ் முழுக்க விழித்திருக்கும்போது தெரியும்.

தண்டவாளம் | 7 மார்ச், மதியம் 2:10

இதை நான் ஏற்கவில்லை. வியாழன் இரவே மாற்றினால் வெள்ளி, சனி என்று இரண்டு முழு வேலை நாள் கிடைக்கிறது. 17க்கு நான்கு நாள் முன்னாலேயே பையருக்கு சைட்டைக் காட்டலாம்.

நொய்யல்கரை | 7 மார்ச், மதியம் 2:30

கேட்கத் தகுந்த வாதம்தான். ஆனால் வியாழன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய டெவலப்பர் புதனுக்குப் பதில் வியாழன் வந்தால் இரண்டாவது தாமத மடல் எழுத வேண்டும். முதல் மடலை அவர் பொறுத்துக்கொள்வார். இரண்டாவதுக்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் நம்ப மாட்டார்.

ஜவுளிக்கடை பாலா | 7 மார்ச், மாலை 4:00

இவ்வளவு சிக்கல் எதற்கு? பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் exports என்ற சொல்லும் சேர்த்துப் புது டொமைன் வாங்குங்கள். இன்றைக்கே வாங்கி 10ஆம் தேதி அதில் திறந்துவிடுங்கள். 17ஆம் தேதி பழைய பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சுங்கம்சாவடி | 7 மார்ச், மாலை 5:15

பாலா அண்ணா, ஏற்றுமதியில் அது ஆபத்து. நான் ஷிப்பிங் டாகுமெண்ட் வேலை பார்க்கிறேன். ஒரே எழுத்து மாறிய டொமைனிலிருந்து "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு மெயில் அனுப்பி பணம் பறிப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த மோசடி. பல பையர் ஆபீஸ்களில் பெயர் கொஞ்சம் மாறினாலே தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். புதுப் பெயரில் ஒரு சைட்டைக் காட்டி ஒரு வாரத்தில் மாற்றினால் அவர்களே போன் செய்து "இது நீங்கள்தானா?" என்பார்கள். ஒரு வாரத் தாமதம் அதைவிட நல்லது.

கணக்கன் | 7 மார்ச், மாலை 6:00

தாமதத்துக்கு எவ்வளவு கழித்துக் கொடுக்கப் போகிறீர்கள்? முன்பணம் திருப்பித் தர வேண்டுமா?

வெள்ளியணைக்காரன் | 7 மார்ச், மாலை 6:20

அப்படிப் பேச்சே எழவில்லை அண்ணா. ஒப்பந்தத்தில் டொமைன் லாகின் தருவது அவர்கள் பொறுப்பு. கேட்டது பிப்ரவரியில்.

நொய்யல்கரை | 7 மார்ச், மாலை 6:45

அது உண்மைதான், ஆனால் கடிதத்தில் வர வேண்டாம். "பிப்ரவரியிலேயே கேட்டேன்" என்ற வரியைப் படித்தவுடன் அவர் மற்ற எதையும் படிக்க மாட்டார், பதில் வழக்குக்குத் தயாராவார். இணைக்கும் அட்டவணையில் ஒரு வரிசையாக இருக்கட்டும்: "டொமைன் லாகின்: கேட்டது இன்ன தேதி, கிடைப்பது 12 மார்ச்". பின்னால் பேச்சு வந்தால் காட்டலாம்.

பழைய டெவலப்பரைப் பற்றி ஆல்பம்செல்வம் சொன்னதை நான் பாதிதான் ஏற்கிறேன். அவரை மறைத்தால் 12ஆம் தேதி எங்கிருந்து வந்தது என்று புரியாது. "ஒத்துழைப்புத் தேவைப்படுகிறது" என்பதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, அதை எடுங்கள். லாகின் அவரிடம், அவர் புதன் மாலை செய்து தருவதாகச் சொன்னார், அவ்வளவுதான். கிளையண்ட் அவருக்குப் போன் செய்தாலும் அதே விடை கிடைக்க வேண்டும்.

வெள்ளியணைக்காரன் | 7 மார்ச், இரவு 9:30

மாற்றி எழுதினேன். நாளைக் காலை முதலில் போன், பிறகு இது. முதலாளி தமிழில்தான் விரும்பிப் படிப்பார்.

"பொருள்: வெப்சைட் திறப்பு 17 மார்ச் திங்கள் (10 மார்ச் அல்ல)

வணக்கம் சார். காலையில் போனில் சொன்னதை எழுத்திலும் தருகிறேன். புது வெப்சைட் 17 மார்ச், திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கும்.

காரணம்: உங்கள் கம்பெனி மெயிலும் பழைய சைட்டும் ஒரே சர்வரில் ஒரே பெயரில் இருக்கின்றன. இப்போதே சைட்டை மாற்றினால் பையர்கள் அனுப்பும் மெயில் உங்களுக்கு வராமல் திரும்பிப் போகும். மெயிலுக்குத் தனி வழி வைத்த பிறகே சைட்டை மாற்ற வேண்டும். அந்த லாகின் பழைய டெவலப்பரிடம் இருக்கிறது. 12 புதன் மாலை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை பழைய சைட்டும் மெயிலும் இப்போது போலவே ஓடும். புது சைட் வேலை முடிந்துவிட்டது. கீழே உள்ள லிங்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் வேண்டியது: 13 வியாழன் காலை ஆபீஸுக்கு வருகிறேன், எல்லாக் கணினியிலும் போனிலும் மெயில் செட்டிங் பார்க்க ஒருவர் உடன் இருக்க வேண்டும். மார்ச் 10 என்று மெயில் போன பையர்களுக்கு அனுப்ப மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். தம்பி பார்த்து அனுப்பினால் போதும்.

புதன் இரவு 9 மணிக்குள், மாற்றம் நடந்ததா இல்லையா என்று மெசேஜ் போடுவேன். நடக்கவில்லை என்றால் 17 என்ற தேதி நகரும். அதை அன்றே சொல்வேன். இந்த வேலைக்குத் தனிக் கட்டணம் இல்லை. திருத்திய அட்டவணை இணைப்பில்."

நொய்யல்கரை | 7 மார்ச், இரவு 9:55

நல்லது. பையருக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தது எனக்குத் தோன்றாதது. அவருடைய உண்மையான தலைவலி அதுதான்.

இரண்டு யோசனை. நீங்கள் செய்யும் டிஎன்எஸ் வேலைக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் இந்த வரியைப் படிக்கிறவர் மெயிலைப் புது இடத்துக்கு முழுதாக மாற்றுவதும் இலவசம் என்று எடுத்துக்கொள்வார். "இந்த டிஎன்எஸ் மாற்றத்துக்கு" என்று குறுக்குங்கள். இன்னொன்று: புதன் நடக்காவிட்டால் தேதி நகரும் என்ற வரியைப் பயந்து எடுத்துவிடாதீர்கள். 17 என்பது எதன் மேல் நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பிக்சல்ராணி | 7 மார்ச், இரவு 10:20

என் ரெண்டு கிளையண்ட் டொமைனுக்கு இப்போதான் dig போட்டுப் பார்த்தேன். ஒண்ணுல இதே மாதிரி MX அதே பெயருக்கே போகுது. அடுத்த மாசம் அதுக்கு நேம்சர்வர் மாத்தறதா இருந்தேன். நல்ல வேளை.

வெள்ளியணைக்காரன் | 8 மார்ச், மதியம் 12:15

போனில் சொன்னபோது முதலாளி கொஞ்சம் கோபப்பட்டார். "திங்கள்னு நாலு பேருக்குச் சொல்லிட்டேனே" என்றார். மெயில் நின்றுவிடும் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. கடிதத்துக்கு மகனிடமிருந்து பதில்: "ஓகே. புதன் இரவு மெசேஜ் மறக்க வேண்டாம். பையருக்கு அனுப்பிவிட்டேன்."

வெள்ளியணைக்காரன் | 12 மார்ச், இரவு 8:50

பழைய டெவலப்பர் சொன்னபடி மாலையில் உட்கார்ந்தார். TTL 300 ஆயிற்று, mail தனி A ரெக்கார்டு ஆயிற்று, MX திரும்பியது. வெளியிலிருந்து ஜிமெயிலில் அனுப்பிப் பார்த்தேன், வந்தது. கிளையண்டுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்.

வெள்ளியணைக்காரன் | 13 மார்ச், மாலை 5:30

ஆபீஸில் பாதிக் கணினிகளில் வெறும் டொமைன் பெயர்தான் சர்வராக இருந்தது. முதலாளியின் போனிலும். எல்லாம் மாற்றியாயிற்று.

நொய்யல்கரை | 14 மார்ச், காலை 7:30

ஒன்று விட்டுப்போகும் இடம் இருக்கிறது. உங்கள் புது ஹோஸ்டிங்கும் சிபேனல் என்றால், அங்கே Email Routing போய் `Remote Mail Exchanger` என்று வையுங்கள். இல்லாவிட்டால் புது சர்வர் இந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருக்கிறது என்று நினைக்கலாம். வெளியிலிருந்து வரும் மெயில் சரியாகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சைட்டில் உள்ள விசாரணைப் படிவத்திலிருந்து போகும் மெயில் மட்டும் அந்தச் சர்வருக்குள்ளேயே தங்கிவிடும், அல்லது அப்படி ஒரு பெட்டி இல்லை என்று திரும்பும். திறந்த உடனே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

வெள்ளியணைக்காரன் | 17 மார்ச், காலை 11:10

திறந்தாயிற்று. மெயில் போகிறது, வருகிறது. படிவமும் வந்தது. நீங்கள் சொன்ன இடத்தில் `Local` என்றுதான் இருந்தது, வெள்ளியன்றே மாற்றியிருந்தேன்.

இப்போது அடுத்த கேள்வி. பழைய ஹோஸ்டிங் மார்ச் 31 முடிகிறது. மெயில்பாக்ஸ் எல்லாம் இன்னும் அங்கேதான். அதை வேறு இடத்துக்கு மாற்றுவது தனி வேலை, தனிக் கட்டணம் என்று இப்போது எழுதினால், தாமதத்துக்குப் பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று நினைப்பாரோ?

தண்டவாளம் | 17 மார்ச், மதியம் 12:00

நினைப்பார். இலவசமாகச் செய்து கொடுங்கள், அடுத்த வேலை உங்களுக்கே வரும்.

நொய்யல்கரை | 17 மார்ச், மதியம் 12:40

நான் இலவசமாகச் செய்ய மாட்டேன். வருஷக்கணக்கான மெயிலை நகர்த்துவது சின்ன வேலை இல்லை, அதை இரண்டு வாரத்தில் அவசரமாகச் செய்யவும் கூடாது. இன்றைக்கே மகனுக்கு எழுதுங்கள்: 31க்குள் பழைய ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், பணத்தை அவர்களே நேரடியாகக் கட்டட்டும். மெயில் மாற்றத்துக்கான மதிப்பீடு ஏப்ரலில் தனியாகப் போகட்டும். டொமைனை அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்குக்கு மாற்றுவதையும் அதில் சேருங்கள்.